100 அடி காம்பவுண்டு சுவருக்கு 6000 செங்கல்லா, 2650 செங்கல்லா?

ஒருகிரவுண்டு:
மேடவாக்கம் பக்கம் ஒரு கிரவுண்டு மனை வைத்திருக்கிறேன். அகலம் 40, நீளம் 60. முன்புறம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஒரு பக்கம் அடுத்த வீட்டுக்காரர் சுவரே இருக்கிறது. எனவே மீதி ஒரு பக்கமும் பின்புறமும் சேர்த்து 100 அடி நீளம், 5 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்ப வேண்டும். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு 6000 செங்கல், 45 மூட்டை சிமென்ட், கூலியோடு எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம் என்று ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் பாதிகூட வரவில்லை. ஏமாற்றுகிறாரா, எனக்குத்தான் கணக்குத் தெரியவில்லையா?

கணக்குப்புலி:
உங்கள் சந்தேகம் சரிதான். 100 அடிக்கு 5 அடி என்றால் 500 சதுர அடி. நாலரை அங்குலச் சுவருக்கு 187.5 கனஅடி, அதாவது 5.3 கனமீட்டர். ஒரு கனமீட்டருக்கு 500 செங்கல் என்பது பாலிடெக்னிக் மாணவனுக்கும் தெரியும். 2650 செங்கல், சேதாரம் சேர்த்தால் 2800. சிமென்ட் பூச்சோடு சேர்த்து 20 மூட்டையைத் தாண்டாது. மேஸ்திரியை மாற்றுங்கள்.

மாடித்தோட்டம்:
எதற்குச் செங்கல்? ஆயத்தச் சிமென்ட் பலகைச் சுவர் வைத்துவிடுங்கள், இரண்டே நாளில் முடிந்துவிடும். எங்கள் தோட்டத்தைச் சுற்றி அப்படித்தான் வைத்தோம். அதன்மேல் கொடி ஏற்ற எந்தச் செடி நல்லது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், சங்குப்பூ ஏறவில்லை.

தூக்குக்குண்டு:
முப்பது வருடம் கட்டட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு எண்ணையும் பார்த்ததும் யாரையும் திருடன் என்று சொல்லத் தோன்றவில்லை. இருவரும் வேறு வேறு சுவரைக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்குப்புலி தம்பி தரைக்கு மேலே தெரிவதை மட்டும் எண்ணியிருக்கிறார். தரைக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் சுவர் நிற்காது. அந்த 500 என்ற எண்ணும் 19 × 9 × 9 சென்டிமீட்டர் அளவுச் செங்கல்லுக்கு உரியது. சென்னையில் லாரியில் வருகிற சேம்பர் செங்கல் அந்த அளவில் இருக்காது.

ஒருகிரவுண்டு, எனக்கு இரண்டு விவரம் வேண்டும். முதலாவது, செங்கல் கடையில் 20 செங்கல்லை நீளவாக்கில் ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து மொத்த நீளத்தை அளந்து வாருங்கள். பிறகு அதே இருபதைக் கனவாக்கில் ஒட்டி அளந்து வாருங்கள். ஒரு செங்கல்லை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். சூளையில் ஒன்று சுருங்கியிருக்கும், ஒன்று கோணியிருக்கும். இரண்டாவது, மேஸ்திரி சொன்ன சுவர் எத்தனை அங்குலக் கனம், கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள்.

ஒருகிரவுண்டு:
அளந்துவிட்டேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். நீளவாக்கில் இருபதுக்கு 14 அடி 7 அங்குலம். கனவாக்கில் 4 அடி 7 அங்குலம். அகலம் நாலேகால் அங்குலம். செங்கல் விலை இறக்கிக் கொடுப்பதோடு சேர்த்து 11 ரூபாய். மேஸ்திரி போனை எடுக்கவில்லை, ஊருக்குப் போயிருக்கிறாராம்.

தூக்குக்குண்டு:
நல்லது. அப்படியானால் ஒரு செங்கல் எட்டேமுக்கால் அங்குல நீளம், இரண்டேமுக்கால் அங்குலக் கனம். ஒன்பதுக்கு மூன்று என்று கடையில் சொல்லியிருப்பார்களே? அப்படித்தான் சொல்வார்கள்.

சாந்து இணைப்பு பத்து மில்லிமீட்டர், ஏறக்குறைய 0.4 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஏறிய பிறகு ஒவ்வொரு செங்கல்லும் 9.15 அங்குல நீளமும் 3.15 அங்குல உயரமும் பிடிக்கும். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். வகுத்துப் பார்த்தால் நாலரை அங்குலச் சுவரில் சதுர அடிக்குச் சரியாக ஐந்து செங்கல். ஒன்பது அங்குலச் சுவரில் பத்து. கடையில் சொல்கிற 9 × 3 அளவை நம்பி, அரை அங்குலச் சாந்தும் வைத்துக் கணக்கிட்டால் சதுர அடிக்கு நாலரைக்கும் கீழே வரும். சேதாரத்தையும் கூட்டினால் கடைசி நாளில் ஐந்நூறு அறுநூறு செங்கல் துண்டு விழுவது இதனால்தான்.

இப்போது சுவரை எழுப்புவோம். இரண்டடிக்குச் சற்றுக் குறைவாக வானம் தோண்டி, ஒன்றரை அடி அகலத்துக்கு நாலு அங்குல ஜல்லிக் கான்கிரீட். அதன்மேல் ஒன்பது அங்குலக் கட்டு தரைக்குக் கீழே ஒன்றரை அடி, தரைக்கு மேலே அரை அடி, ஆக இரண்டு அடி. அதன்மேல் அரை அடி பெல்ட் கான்கிரீட். அதற்கும் மேலே நாலரை அங்குலச் சுவர் 4 அடி. தரையிலிருந்து மொத்தம் 5 அடி ஆயிற்றா? பத்தடிக்கு ஒரு ஒன்பது அங்குலத் தூண். உங்கள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பதினொன்று.

கீழ்க்கட்டு 200 சதுர அடி, பத்து வீதம் 2000 செங்கல். மேல்சுவர் 400 சதுர அடி, ஐந்து வீதம் இன்னொரு 2000. தூணுக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு செங்கல் கூடுதல்; நாலு அடியில் பதினைந்து வரி, பதினொரு தூணுக்கு 165. கூட்டினால் 4165. நூற்றுக்கு ஐந்து சேதாரம் சேர்த்து 4400 வாங்குங்கள்.

மேஸ்திரியின் 6000 எங்கிருந்து வந்தது என்றும் ஊகிக்க முடிகிறது. மேல்சுவரையும் ஒன்பது அங்குலமாகவே கட்டினால் 600 சதுர அடிக்குச் சரியாக 6000. அவர் அப்படி நினைத்திருக்கலாம்.

கணக்குப்புலி:
கடைக்காலை விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அளவை வைத்துப் பார்த்தாலும் கனமீட்டருக்கு 470 செங்கல் வருகிறது. என் 500 ஒன்றும் பெரிய தவறில்லையே?

தூக்குக்குண்டு:
தவறில்லை, தற்செயலாகப் பக்கத்தில் வந்திருக்கிறது. வேறு சூளைச் செங்கல் வந்தால் தள்ளிப் போய்விடும். உங்கள் கணக்கில் விடுபட்டது சூத்திரம் இல்லை தம்பி, பாதிச் சுவர்.

ஒருகிரவுண்டு:
சிமென்ட், மணல்?

தூக்குக்குண்டு:
இதை இடம் இடமாகப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும். செங்கல் கட்டுக்கு மட்டும் பார்த்தால் சிமென்ட் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. ஒன்பது அங்குலக் கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு கலவை, நாலரை அங்குலத்துக்கு ஒன்றுக்கு நாலு. இரண்டும் சேர்த்துப் பன்னிரண்டு மூட்டை, 75 கனஅடி எம் சாண்ட். அடிக் கான்கிரீட்டுக்கு 5 மூட்டை. பெல்ட்டுக்கு எட்டரை. இரண்டு பக்கமும் பூச ஒன்றுக்கு ஐந்து கலவையில் 9 மூட்டை. ஆக 35.

மணலில் கட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் எம் சாண்ட் சுமார் 115 கனஅடி, பூச்சுக்குப் பி சாண்ட் 60 கனஅடி. சென்னையில் ஒரு யூனிட் என்றால் 100 கனஅடி என்பது தெரிந்திருக்கும். சாந்து ஈரமாக இருக்கும்போது பிடிக்கிற இடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உலர்ந்த சரக்கு வேண்டும் என்பதையும், செங்கல்லின் குழிக்குள் போவதையும், கீழே சிந்துவதையும் இதில் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். சூத்திரத்தை அப்படியே போட்டு இதைவிடக் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம், அந்த மூன்றும் விடுபட்டிருக்கும்.

பெல்ட்டுக்குக் கம்பி 120 கிலோ ஆகும். நாலு கம்பி பத்து மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் வளையம் எட்டு அங்குலத்துக்கு ஒன்று.

சித்தாள்மகன்:
அம்மா முப்பது வருடம் மண் சுமந்தார், நான் இப்போது சின்ன ஒப்பந்த வேலைகள் எடுக்கிறேன். ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் காகிதத்தில் 115 கனஅடி என்றால் வாசலில் 115 கனஅடி வந்து இறங்குமா?

லாரி வந்ததும் கொட்டவிடாதீர்கள். மேலே ஏறி டேப்பை வைத்து நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி நூறால் வகுங்கள். பத்துக்கு ஆறு தொட்டியில் இரண்டரை அடி நின்றால் அது ஒன்றரை யூனிட். "இரண்டு யூனிட் சார்" என்று டிரைவர் சொல்வார். நடுவில் குவித்து ஓரத்தில் பள்ளமாக இருக்கும், ஓரத்திலும் அளக்க வேண்டும். ஈர மணல் உப்பி நிற்கும், காய்ந்தால் அடங்கிவிடும்; நனைந்து வந்த லோடில் அளவு எப்போதும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும்.

எம் சாண்ட் என்று சொல்லிக் குவாரித் தூசியைக் கலந்து கொடுப்பதும் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் கைப்பிடி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் மணல் தங்கி, மேலே சேறு போலக் கனமான படலம் படிந்தால் திருப்பி அனுப்புங்கள். அந்தத் தூசி பூச்சில் போனால் மூன்றே மாதத்தில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடும், பிறகு கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை.

வேப்பமரத்தடி:
கணக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்களும் நாலரை அங்குலச் சுவர், பத்தடிக்கு ஒரு தூண் என்றுதான் கட்டினோம். எட்டு வருடம் ஒரு கீறல் இல்லை. பக்கத்து மனைக்காரர் வீடு கட்டும்போது சாலை உயர்ந்துவிட்டது என்று இரண்டு அடி மண் அடித்தார். எங்கள் சுவரில் சாய்த்தே அடித்தார். நாங்களும் பேசாமல் இருந்தோம், அவர் மனை, அவர் மண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்த அன்று ராத்திரி முப்பது அடி நீளத்துக்குச் சுவர் எங்கள் பக்கமாகப் படுத்துவிட்டது. தூண்கள் செங்கல் செங்கலாகப் பிரியாமல் முழுசாகவே விழுந்தன. ஸ்கூட்டர் போனது, ஆள் தப்பித்தோம்.

தூக்குக்குண்டு:
வேப்பமரத்தடி அம்மா சொல்வதுதான் இந்த இழையிலேயே முக்கியமான செய்தி. நாலரை அங்குலச் சுவர் தன் பாரத்தைத் தாங்கும், காற்றைத் தாங்கும். பக்கவாட்டில் மண் தள்ளினால் தாங்காது. அதுவும் காய்ந்த மண் தள்ளுவது ஒரு பங்கு என்றால், மழைநீர் தேங்கிய மண் தள்ளுவது அதைப்போல இரண்டு பங்குக்கும் மேல். களிமண்ணாக இருந்தால் நனையும்போது உப்பவும் செய்யும். அவர்கள் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டையும் இருந்திருக்காது.

ஒருகிரவுண்டு, முன்பே கேட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். உங்கள் மனை சாலையைவிட மேலா, கீழா?

ஒருகிரவுண்டு:
கீழேதான். ஒன்றரை அடி மண் அடிக்கப் போகிறேன். பக்கத்து மனையும் பின்மனையும் காலி, இப்போது என் மனை இருக்கிற மட்டத்திலேயே இருக்கின்றன. மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். சுவர் உயரம் 5 அடி என்று நான் சொன்னது மண் அடித்த பிறகு உள்ளே நின்று பார்த்தால். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டுமோ?

கணக்குப்புலி:
நூறு முறை!

தூக்குக்குண்டு:
பரவாயில்லை. நான் மேஸ்திரியைப் பற்றி ஊகித்ததும் தவறு என்று தெரிகிறது. மறுபடி போடுவோம்.

வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் சுவர் இனி ஆறரை அடி. உள்ளே ஒன்றரை அடி மண் நிற்கும். பழைய ஆட்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருப்பார்கள்: தாங்க வேண்டிய மண்ணின் உயரத்தில் பாதியாவது சுவரின் கனம் இருக்க வேண்டும். ஒன்றரை அடிக்குப் பாதி முக்கால் அடி, அதாவது ஒன்பது அங்குலம். சரியாக எல்லையில் நிற்கிறது. எனவே ஒன்பது அங்குலக் கட்டை இன்னும் ஒன்றரை அடி உயர்த்தி, பெல்ட்டை அதன் தலையில் போட்டு, அதற்கு மேல்தான் நாலரை அங்குலம்.

ஒன்பது அங்குலக் கட்டு இப்போது மூன்றரை அடி, 350 சதுர அடி, 3500 செங்கல். மேல்சுவர் அதே 2000. தூணுக்கு 165. மொத்தம் 5665. ஐந்து சதவீதம் சேதாரம் சேர்த்தால் 5950.

சித்தாள்மகன்:
அதாவது 6000. சிகரெட் அட்டை ஜெயித்துவிட்டது.

தூக்குக்குண்டு:
ஆமாம், அவர் மனையைப் பார்த்தவர், நாம் பார்க்காதவர்கள். சிமென்ட் கட்டுக்கு நாலு மூட்டையும் வெளிப்பூச்சுக்கு ஒன்றரையும் கூடும், 41 மூட்டை. 45 கொஞ்சம் அதிகம். 40 வாங்கி, முடியும் தறுவாயில் தேவையானதை வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலம் நெருங்கும்போது சென்னை ஈரக்காற்றில் மூட்டை கட்டிதட்டிப் போய்விடும். எம் சாண்ட் ஒன்றரை யூனிட், பி சாண்ட் முக்கால் யூனிட். ஜல்லி, கம்பி மாறாது.

மறக்காமல் செய்ய வேண்டியது: பழைய தரை மட்டத்துக்குச் சற்று மேலே, ஆறடிக்கு ஒன்று வீதம் இரண்டு அங்குலப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வெளிப்பக்கம் சாய்வாகக் கட்டிலேயே வைத்துவிடுங்கள். உள்பக்கம் குழாய் வாயில் ஒரு கூடை ஜல்லி போட்டு மண்ணைத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சேறு அடைத்துவிடும். கட்டி முடித்து பத்து நாளாவது தண்ணீர் காட்டிய பிறகுதான் மண் அடிக்க வேண்டும். அதையும் லாரியைச் சுவர் ஓரமாக விட்டுக் கொட்டக் கூடாது.

பிறகு ஆசை வந்து இன்னும் ஓரடி மண் உயர்த்தினால் இந்தச் சுவர் போதாது. அப்போது கருங்கல் கட்டு அல்லது கம்பி கட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவர்தான், அதற்கு ஒரு எஞ்சினியர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

ஒருகிரவுண்டு:
எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்ட விலையை வைத்துப் போட்டுப் பார்த்தேன். செங்கல் 6000, 11 ரூபாய் வீதம் 66,000. சிமென்ட் 400 ரூபாய் வீதம் 41 மூட்டை, 16,400. எம் சாண்ட் யூனிட் 6,500 சொன்னார்கள், ஒன்றரைக்கு 9,750. பி சாண்ட் யூனிட் 7,500, முக்காலுக்கு 5,600. இரண்டு வகை ஜல்லியும் சேர்த்து 4,500. கம்பி, கட்டுக்கம்பி 8,000. பொருள் மட்டும் 1,10,000 ரூபாய்ச் சொச்சம். அப்படியானால் கூலிக்கு மேஸ்திரி ஒரு லட்சம் வைத்திருக்கிறார். இது சரியா?

சித்தாள்மகன்:
நாளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு கொத்தனார் நாளைக்கு 500, 550 செங்கல் வைப்பார், நூல் பிடித்து, தூணுக்குத் தூண் நின்று செய்கிற வேலையில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கட்டுக்குப் பதினொரு நாள், பூச்சுக்குப் பன்னிரண்டு நாள், கான்கிரீட்டுக்கு நாலைந்து நாள். ஆக 28 கொத்தனார் நாள், 1,200 வீதம் 33,600. சித்தாள், பெரியாள் சேர்த்து 50 நாள், 800 வீதம் 40,000. வானம் தோண்ட ஏழெட்டாயிரம். எண்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. அதற்கு மேல் அவர் வைத்திருப்பது சாரம், அவருடைய பங்கு, நீங்கள் ஊருக்குப் போனால் அவர் நின்று பார்ப்பதற்கு. நான் எடுத்தாலும் தொண்ணூறுக்குக் கீழே எடுக்க மாட்டேன்.

கணக்குப்புலி:
பத்தாயிரம் குறைத்துக் கேளுங்கள். அல்லது ஆறு அங்குல சாலிட் பிளாக்கில் கட்டுங்கள். 16 × 8 முகம் உள்ள கல், சதுர அடிக்கு ஒன்றேகால்கூட ஆகாது. மேல்சுவர் 400 சதுர அடிக்கு 450 கல்தான், கொத்தனார் நாளும் பாதியாகும்.

தூக்குக்குண்டு:
எண்ணிக்கை இந்த முறை சரி. மேல்சுவருக்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. மண் தொடுகிற கீழ்க்கட்டுக்கு நான் போட மாட்டேன். சிறு பட்டறையில் வார்த்து நாலு நாளில் அனுப்புகிற கல், நீர் காட்டாத கல், கையில் தட்டினாலே மூலை உதிர்கிறது.

சித்தாள்மகன்:
அதில் ஐயாவோடு ஒத்துப்போக மாட்டேன். நல்ல பட்டறைக் கல்லாக இருந்தால் கீழேயும் போடலாம், நான் போட்டிருக்கிறேன். இப்போது வருகிற செங்கல் மட்டும் என்ன வாழ்கிறது? இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் பாதி உடைகிறது.

ஒருகிரவுண்டு:
செங்கல்லிலேயே போகிறேன், சொல்லிவிட்டேன். மேஸ்திரி ஊரிலிருந்து வந்துவிட்டார். தண்ணீர்க் குழாய் வைப்பதை நான் சொல்லும் முன்பே அவர் சொன்னார். தொண்ணூற்றைந்து ஆயிரத்துக்குக் கூலி பேசியிருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல். பதினொரு தூணின் புடைப்பும் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே மனை இடம் போகாது என்கிறார். பக்கத்து மனைக்காரர் துபாயில் இருக்கிறார், கேட்க ஆள் இல்லை.

வேப்பமரத்தடி:
கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் திரும்பி வந்து அளந்தால் தூணுக்குத் தூண் நாலரை அங்குலம்.

தூக்குக்குண்டு:
புடைப்பை உள்ளே வையுங்கள். கடைக்கால் ஒன்றரை அடி அகலம் என்பதையும் நினைவில் வையுங்கள். சுவரை எல்லைக் கோட்டில் வைத்தால் கடைக்காலின் வெளிவிளிம்பு நாலரை அங்குலம் அவர் மண்ணுக்குள் போகும். சர்வேயரை வைத்துக் கல் நட்ட பிறகு, அந்த அளவுக்கு உள்ளே தள்ளி நூல் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஒருகிரவுண்டு:
அப்படியானால் 60 அடிக்கும் 40 அடிக்கும் சேர்த்து நான் இழக்கிற இடம் எவ்வளவு?

கணக்குப்புலி:
37 சதுர அடிச் சொச்சம். மேடவாக்கம் விலையில் அதையும் செங்கல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.